மலைக்கு இந்தப் பக்கம் நோட்டீஸ் கிடைத்துவிட்டது

கல்லாறில் அண்ணாச்சி கடையைக் கண்டுபிடிக்க யாரும் சிரமப்பட்டதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா தாண்டிப் பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாறு வழியாகத்தான் போகவேண்டும். அதற்கப்புறம் 22 கொண்டை ஊசி வளைவுகள்தான். சுற்றுலாக்காரன் கண்டுபிடிக்கிறான். மின்சார வாரியத்து ஆள் கண்டுபிடிக்கிறார். லாட்டரிக்காரரும் நன்கொடை ரசீதோடு வருகிற எல்லாக் கட்சிக்காரர்களும் கண்டுபிடிக்கிறார்கள். எஸ்டேட்டிலிருந்து இறங்கி வருகிற யானைகூடக் கண்டுபிடித்துவிடும். ஒரு வரி அலுவலகத்துக்கு மட்டும் வழி தெரியவில்லை.

வழி தெரியாததால் அவர்கள் கெட்டுப்போகவில்லை. கடை தெரியாவிட்டால் என்ன, கடைக்காரருடைய வங்கிக் கணக்கு தெரிந்தால் போதாதா? 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி திங்கட்கிழமை, சரக்குக்குப் பணம் அனுப்பப் போன அண்ணாச்சியிடம் கணக்கு முடக்கப்பட்டிருப்பதாக வங்கியில் சொன்னார்கள். DRC-13 என்ற படிவம் வந்திருக்கிறதாம். இவர் கணக்கில் இருப்பதை அரசுக்கு அனுப்பிவிடு என்று வங்கிக்குப் போடுகிற உத்தரவு அது. வரவேண்டிய தொகை ₹2,24,000. கணக்கில் இருந்த ₹40,000 போய்விட்டது.

பரம்பரையாக நாகர்கோவில் பக்கத்து ஆள். பலசரக்கும் எஸ்டேட்டுகளுக்கு வேண்டிய சாமான்களும் விற்கிறவர். வாழ்க்கையில் ஒரு தடவைகூட யாரிடமும் கடன் சொல்லி நின்றதில்லை. என்னிடம் வந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, எனக்குக் கடுதாசி ஒண்ணும் வரல்லியே? கடுதாசி போடாம எப்படிடே காச எடுப்பான்?”

வந்திருந்தது, அண்ணாச்சி. ஜிஎஸ்டி போர்ட்டலில் வந்திருந்தது. 2023 டிசம்பர் 28-ஆம் தேதி DRC-01 என்ற காரணம் கேட்கும் நோட்டீஸ். 2024 ஏப்ரல் 25-ஆம் தேதி DRC-07 என்ற உத்தரவு. மறுநாள் கேரளத்தில் மக்களவைத் தேர்தல். 2018-19 கணக்கு வருஷத்துக்கு உத்தரவு போட ஏப்ரல் 30 கடைசி நாள். ஜனநாயகக் கடமைக்கும் காலக்கெடுவுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் யாரோ ஒருவர் மேசையைக் காலி செய்திருக்கிறார். மேசையிலிருந்து விழுந்த தாள்களில் அண்ணாச்சியும் ஒருவர்.

கடுதாசி போடவேண்டாமா என்ற அவருடைய கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அது எந்த மலைச்சரிவில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆம் பிரிவு, நோட்டீஸைச் சேர்ப்பிக்கப் பல வழிகளை வரிசையாகச் சொல்கிறது: நேரில் கொடுக்கலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், பதிவில் இருக்கிற மின்னஞ்சலுக்கு அனுப்பலாம், பொது போர்ட்டலில் ஏற்றலாம், இன்னும் சில. இவற்றில் எது வேண்டுமானாலும் போதும் என்று எழுதியிருக்கிறது. போர்ட்டலில் ஏற்றினாலே சேர்ப்பித்த மாதிரிதான் என்று 2023-இல் கொடுவாயூர் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் தமிழ்நாடு. அங்கே 2025 ஜனவரியில் உடுமலைப்பேட்டை சர்வோதய சங்கத்தின் வழக்கில், நேரிலோ தபாலிலோ மின்னஞ்சலிலோ கொடுக்க முயலாமல் போர்ட்டலில் மட்டும் ஏற்றுவது போதாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதே நீதிமன்றத்தின் வேறு அமர்வுகள் வேறு மாதிரியும் சொல்லியிருக்கின்றன, அது தனிக்கதை.

சட்டம் ஒன்று, போர்ட்டல் ஒன்று, வரியும் ஒன்று. ஒரே நாடு ஒரே வரி என்று நள்ளிரவில் நாடாளுமன்றத்தில் விளக்குப்போட்டுக் கொண்டாடியதும் ஒரே தடவைதான். ஆனால் அதே நோட்டீஸ் பொன்முடிக்குக் கிழக்கே கிடைக்காமல் இருக்கலாம், மேற்கே கிடைத்துவிட்டது. அண்ணாச்சி மேற்கே கடை வைத்திருக்கிறார். ஆகவே அவருக்குக் கிடைத்துவிட்டது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததா என்று நீங்கள் கேட்டால், அது அவர் கண்ணின் குறை.

கண்ணின் குறையா என்பதையும் பார்த்துவிடுவோம். அந்த டிசம்பரில் போர்ட்டலுக்குள் நுழைந்து Services, அதற்குள் User Services என்று போனால் View Notices and Orders என்று ஒன்று இருக்கும். நோட்டீஸ் பார்க்கிற இடம் அதுதான் என்று எந்த மனுஷனும் நினைப்பான். அதைத் திறந்தால் காலியாக இருக்கும். நிம்மதியாக வெளியே வந்துவிடுவான். அதே பட்டியலில் View Additional Notices/Orders என்று இன்னொன்று. பணம் கேட்கிற நோட்டீஸ்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தன. கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுப் பரணில் செருகிவிட்டு, கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை, மொய்யை எடு என்று சட்டையைப் பிடிப்பதுபோல. இந்த இரண்டு கதவு விளையாட்டைச் சரிசெய்யுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ஈஸ்ட் கோஸ்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வழக்கிலேயே எடுத்துச் சொன்னது. 2024 ஜனவரி 16-இலிருந்துதான் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் வந்தன. அண்ணாச்சிக்கான நோட்டீஸ் அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முந்தியே பரணில் ஏறிவிட்டது. பதில் கொடுக்க 30 நாள்.

சரி, எஸ்எம்எஸ் வருமே, மின்னஞ்சல் வருமே? வந்தது. யாருக்கு என்பதில்தான் சுவாரஸ்யம். 2017-இல் பதிவு செய்தபோது அண்ணாச்சியிடம் மின்னஞ்சல் முகவரி இல்லை. ரிட்டர்ன் போட்டுக்கொடுத்த கன்சல்டன்ட் தன்னுடைய நம்பரையும் தன்னுடைய முகவரியையும் போட்டுவிட்டார். கேரளத்தில் மட்டுமில்லை, நாடு முழுக்கச் சின்ன வியாபாரிகளில் பலருக்கு இதுதான் நிலைமை. ஒரு கன்சல்டன்ட்டின் பெட்டியில் எத்தனையோ கடைகளின் எச்சரிக்கைகள் வந்து விழும். அவற்றில் எது தலைபோகிற காரியம், எது மாதாமாதம் வருகிற நினைவூட்டல் என்று பிரிப்பதற்கு அவருக்கும் இரண்டு கண்தான். இதில் அவரைத் திட்டி என்ன பயன்? அண்ணாச்சியின் நம்பருக்கு மாற்ற, பதிவுத் திருத்தத்தில் ‘நான்-கோர்’ வகையில் ஒரு விண்ணப்பம் போட்டால் போதும், அதிகாரி ஒப்புதலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். இதை ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. ‘வரி செலுத்துவோருக்கு நட்பான’ என்று விளம்பரம் கொடுக்கிறவர்களுக்கு நண்பனின் நம்பர் வேண்டியிருக்கவில்லை.

இனி நாள்கணக்கு. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும், ஏனென்றால் இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் நிதானமாகத்தான் யோசித்திருக்கிறார். உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 107-ஆம் பிரிவு மூன்று மாதம் தருகிறது. தகுந்த காரணம் சொன்னால் இன்னும் ஒரே ஒரு மாதம். அதைத் தாண்டினால் மேல்முறையீட்டு அதிகாரிக்கு மன்னிக்கவே அதிகாரம் கிடையாது. அடுத்து 78-ஆம் பிரிவைப் பாருங்கள். உத்தரவு சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் வசூல் நடவடிக்கை தொடங்கலாம். அதாவது முதல் மூன்று மாதம் யாரும் உங்கள் கதவைத் தட்டமாட்டார்கள். உங்களுக்கு ஒரு உத்தரவு இருக்கிறது என்பதை உலகத்தில் யாரும் நினைவூட்டமாட்டார்கள். மேல்முறையீட்டுக் காலம் தூங்கிக் கழிந்தபிறகு வங்கிக்குக் கடிதம் போகும். வங்கி உங்களிடம் சொல்லும்.

அண்ணாச்சிக்கு ஜூலை 25-இல் மூன்று மாதம் முடிந்தது. ஆகஸ்ட் 25-இல் மன்னிப்பு மாதமும் முடிந்தது. வங்கி சொன்னது செப்டம்பர் 2. எழுத்துப் பிழை மாதிரி வெளிப்படையாகத் தெரிகிற தவறைத் திருத்தச் சொல்லி 161-ஆம் பிரிவில் கேட்கலாம் என்றால் அதற்கும் உத்தரவு தேதியிலிருந்து மூன்று மாதம்தான். எல்லாக் கதவும் சாத்தியபிறகு, இது உன் வீடுதான், சாவி இந்தா என்கிறார்கள்.

இதுவரை சொன்னது பார்க்காமல் போன தாள்களின் கதை. அண்ணாச்சி பார்த்த ஒரு தாளும் இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது அதில்தான்.

2023 ஆகஸ்டில் ASMT-10 என்று ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. உங்கள் கணக்குக்கும் உங்களுக்கு விற்றவர் கணக்குக்கும் ₹1,12,000 உள்ளீட்டு வரி பொருந்தவில்லை, விளக்குங்கள் என்று கேட்பது அந்தப் படிவம். கன்சல்டன்ட் அன்றைக்கு விழித்திருந்தார், போன் போட்டுச் சொன்னார். காரணமும் கிடைத்தது. நெடுமங்காட்டில் உள்ள மொத்த வியாபாரி ஒருவர், அண்ணாச்சிக்குப் போட்ட பில்களை அவர் ஜிஎஸ்டி நம்பர் போடாமல், சில்லறை விற்பனைக் கணக்கில் சேர்த்துக் காட்டியிருந்தார். வரி கட்டப்பட்டிருக்கிறது, அண்ணாச்சி பெயர் மட்டும் ஏறவில்லை. ஜிஎஸ்டியின் முதல் இரண்டு வருஷங்களில் இப்படி ஆயிரம் குழப்பம் நடந்தது அரசுக்கும் தெரியும். அதனால்தான் 2022 டிசம்பர் 27-ஆம் தேதி 183-ஆம் நம்பர் சுற்றறிக்கை போட்டார்கள்: 2017-18, 2018-19 வருஷங்களில் இப்படி வித்தியாசம் வந்தால், ஒரு விற்பனையாளருக்கு வருஷத்துக்கு ₹5 லட்சம் வரையில் விற்றவரிடமே ஒரு சான்று வாங்கிக் கொடுத்தால் போதும். அண்ணாச்சி சான்று வாங்கினார். பில் நகல், பணம் அனுப்பிய வங்கிப் பக்கம், சான்று மூன்றையும் சேர்த்து 2023 செப்டம்பர் 7-ஆம் தேதி ASMT-11 படிவத்தில் பதில் ஏறியது. போர்ட்டல் ஏஆர்என் என்கிற ஒப்புகை நம்பர் கொடுத்தது. அந்த ஒப்புகையை அச்செடுத்து, கடையில் பாங்குப் பாஸ்புத்தகம் வைக்கிற தகரப்பெட்டியில் மடித்து வைத்தார் மனுஷன்.

பதில் திருப்தி என்றால் ASMT-12 என்று ஒரு படிவம் வரவேண்டும். வரவில்லை. பதிலாக வந்தது டிசம்பர் 28-இன் DRC-01. அதன் இணைப்பைத் திறந்து படித்தேன். ‘ASMT-10 அனுப்பப்பட்டது, வரி செலுத்துபவர் எந்தப் பதிலும் தாக்கல் செய்யவில்லை.’ ஏப்ரல் உத்தரவிலும் அச்சு மாறாமல் அதே வாக்கியம். எழுதினார்கள் என்று சொல்லக்கூட மாட்டேன், ஒட்டினார்கள். அவர்களுடைய போர்ட்டல், அவர்களுடைய நம்பர், அவர்களுடைய ஒப்புகை; அதில் ஏறிய பதில் அவர்களுக்கே கிடைக்கவில்லை. அதே போர்ட்டலில் ஏற்றிய நோட்டீஸ் அண்ணாச்சிக்கு மட்டும் ஏறிய கணமே கிடைத்துவிடும். போர்ட்டல் ஒருவழிப் பாதை. மேலேயிருந்து கீழே வருவது சேர்ந்துவிடும், கீழேயிருந்து மேலே போவது காட்டாற்றோடு போய்விடும்.

ஆகவே, ஐயா அம்மாமார்களே, பதிவேடு. அரசாங்கம் வைத்திருக்கவேண்டிய பதிவேட்டை, அரசாங்கத்துக்கு எதிராக, நம் செலவில், நாம் வைத்திருக்கவேண்டிய காலம் இது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அதன் வடிவத்தைச் சொல்கிறேன். கேரளத்தில் ‘நான் பார்க்கவில்லை’ என்பது அனேகமாகத் தோற்கிற வாதம். ‘நான் பதில் கொடுத்தேன், இதோ நம்பர், இதோ தேதி, அதைப் படிக்காமல் உத்தரவு போட்டார்கள்’ என்பது நிற்கிற வாதம். பதிவேடு இந்த இரண்டாவது வாதத்துக்காக. அழுகைக் குறிப்பேடாக அதை எழுதக்கூடாது.

ஒரு தாளுக்கு ஒரு வரி. அந்த வரியில் தேதி மூன்று வேண்டும், ஒன்று போதாது: தாளில் அச்சடித்திருக்கிற தேதி, போர்ட்டல் பட்டியலில் காட்டுகிற தேதி, நாம் முதன்முதலில் திறந்த தேதி. மேல்முறையீட்டுக் கெடு உத்தரவு ‘தெரிவிக்கப்பட்ட’ நாளிலிருந்து ஓடுகிறது என்றுதான் சட்டம் சொல்கிறது. எது அந்த நாள் என்பதில்தான் பின்னால் சண்டை. மூன்றும் ஒரே தேதியாக இருந்தால் நிம்மதி. தாளில் ஒரு தேதியும் பட்டியலில் பின்னால் ஒரு தேதியும் இருந்தால் அது தங்கம், உடனே திரையைப் படம்பிடித்து வைக்கவேண்டும். குறிப்பு நம்பரையும் முழுதாக எழுதவேண்டும். ZD320424 என்று தொடங்கினால் 32 கேரளம், 04 ஏப்ரல், 24 வருஷம். தாளில் ஒரு மாதமும் நம்பரில் இன்னொரு மாதமும் இருந்தால், நம்பர் எப்போது பிறந்தது என்று கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. அந்த நம்பர் நிஜமானதா என்று லாகின் இல்லாமலே போர்ட்டலில் சரிபார்க்கலாம். இப்போது போலி நோட்டீஸ் அனுப்பிப் பணம் பறிக்கிற கூட்டமும் இருக்கிறது. அசல்காரர்களோடு போட்டி போடுவது அவர்களுக்கும் கஷ்டம்தான்.

அதன்பிறகு கடைசித் தேதி, நாம் செய்தது, கிடைத்த ஏஆர்என். இங்கே ஒரு சின்ன நுட்பம். பதில் ஏற்றியதும் வரியை மூடிவிடக்கூடாது. ASMT-11 போட்டால் ASMT-12 வரும்வரை அந்த வரி திறந்தே இருக்கவேண்டும். அண்ணாச்சியின் வழக்கு கெட்டது அந்த இடத்தில்தான். பதில் கொடுத்துவிட்டோம், முடிந்தது என்று கன்சல்டன்ட்டும் நினைத்தார், கடைக்காரரும் நினைத்தார். அவர்கள் நினைத்தது நாகரிகமான ஒரு நாட்டில் சரியாகவே இருந்திருக்கும்.

தாளை இறக்கும்போது முதல் பக்கத்தோடு நிற்கக்கூடாது. DRC-01 என்று வருவது வெறும் சுருக்கம். காரணமெல்லாம் அதன் இணைப்பில் இருக்கும். சில சமயம் இணைப்பே இருக்காது, சில சமயம் வேறு யாருடைய இணைப்போ இருக்கும். இரண்டையும் இறக்கி, தேதி முன்னால் வருகிற மாதிரி பெயர் வைத்தால், கணினி தானாகவே வரிசைப்படுத்திவிடும். அண்ணாச்சியின் ஃபைல் இப்போது இப்படி இருக்கிறது:

```
2023-09-07_ASMT-11_reply.pdf
2023-09-07_ASMT-11_ARN.pdf
2023-12-28_DRC-01_summary.pdf
2023-12-28_DRC-01_annexure.pdf
2024-04-25_DRC-07_order.pdf
2024-09-02_DRC-13_bank.pdf
```

ஆறு தாள். டிசம்பருக்கும் செப்டம்பருக்கும் நடுவே எட்டு மாதம் இவர் பக்கத்திலிருந்து ஒரு தாள்கூட இல்லை என்பது இப்படி அடுக்கியபோதுதான் பளிச்சென்று தெரிகிறது. இது பின்னால் உட்கார்ந்து நாங்கள் தொகுத்தது என்பதையும் சொல்லவேண்டும். அப்படித் தொகுத்த பதிவேட்டுக்கு மதிப்புக் குறைவு. ‘முதலில் திறந்த தேதி’ என்ற கட்டத்தில் செப்டம்பர் 2 என்று எழுதினோம். அதற்கு எங்கள் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை. அன்றன்றைக்கு எழுதியிருந்தால் ஆதாரம் இருந்திருக்கும். அதனால்தான் ஒன்றும் வராத நாளையும் எழுதச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை உள்ளே போய், நோட்டீஸ் பக்கத்தைத் திறந்து, காலியாக இருந்தால் அந்தக் காலியையும் தேதி தெரியப் படம் பிடித்து, ‘பார்த்தேன், இல்லை’ என்று ஒரு வரி. குடிமகன் ஒருவன் தன்னை யாரும் இன்னும் குற்றம் சொல்லவில்லை என்பதற்கு வாராவாரம் ஆதாரம் சேகரித்து வைக்கவேண்டிய குடியரசு இது. கல்லாறில் மழைக்காலத்தில் நெட் கிடைக்காவிட்டால் அந்த வாரம் அக்‌ஷயா மையத்தில் போய்க் காசு கொடுத்துப் பார்க்கவேண்டும். ஆற்றில் திடீர் வெள்ளம் வந்தால் யாராவது விசில் ஊதி எச்சரிக்கலாம். இதற்கு விசில் கிடையாது.

இவ்வளவு ஒழுங்கைக் கடைக்காரரிடம் எதிர்பார்க்கிற அரசாங்கத்தின் சொந்த ஒழுங்கு என்ன? 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி இடைக்கால பட்ஜெட் உரையில் நிதியமைச்சரே சொன்னார்: சரிபார்க்கப்படாத, ஒத்துப்போகாத, தகராறில் உள்ள சின்னச்சின்ன நேரடி வரிக் கோரிக்கைகள் ஏராளமாகக் கணக்கில் கிடக்கின்றன, அவற்றில் பல 1962-ஆம் வருஷம் வரைக்கும் பின்னால் போகின்றன, நேர்மையான வரி செலுத்துவோருக்கு அவை மனக்கவலை கொடுக்கின்றன என்று. 1962! நேரு பிரதமராக இருந்தபோது எழுதிய பாக்கி, யாரிடம், எதற்கு என்று தெரியாமல் அறுபது வருஷம் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2009-10 வரையிலான காலத்துக்கு ₹25,000 வரையிலும் அடுத்த ஐந்து வருஷங்களுக்கு ₹10,000 வரையிலும் விட்டுவிடுவதாக அறிவித்தார்கள், கைதட்டினார்கள். தங்கள் ஃபைலைத் தாங்களே தொலைத்துவிட்டு, தொலைத்ததைக் குடிமக்களுக்குச் சலுகையாக வழங்கிய அரசு உலகத்தில் வேறு இருக்கிறதா, தெரியவில்லை. அதற்கு முன்னால் 2013-இல், இல்லாத பழைய பாக்கிகளைக் காட்டி வருமான வரி ரீஃபண்டைப் பிடித்துக்கொள்வது பற்றி ஒரு ஆடிட்டர் எழுதிய கடிதத்தையே டெல்லி உயர் நீதிமன்றம் பொதுநல வழக்காக எடுத்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? வருகிற திருத்த மனுக்களைத் தேதி போட்டு ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வருகைப் பதிவேடு இருக்கிற நாட்டில், வரி அலுவலகத்தில் தபால் பதிவேடு வைக்க உயர் நீதிமன்றம் வேண்டியிருக்கிறது. அண்ணாச்சிக்கு மட்டும் பதிவேடு வைக்காததற்குத் தண்டனை உடனே கிடைத்துவிட்டது. கோரிக்கைத் தொகையைப் பிரித்துப் பாருங்கள்: வரி ₹1,12,000, ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்கு 18 சதவீதத்தில் வட்டி ₹1,00,800, பத்து சதவீத அபராதம் ₹11,200. வட்டியும் அபராதமும் சேர்ந்து வரியின் தலைக்குமேல் இன்னொரு வரியாகச் சரியாக வந்து நிற்கிறது.

ஒப்புகை நம்பரோடு எர்ணாகுளம் போயிருக்கலாம். கொடுத்த பதிலைப் பார்க்காமல் போட்ட உத்தரவு என்று ரிட் போட்டிருக்கலாம், திருப்பி அனுப்பி மறுபடி விசாரிக்கச் சொல்ல நல்ல வாய்ப்பும் இருந்தது. வக்கீல் சொன்ன செலவைக் கேட்டு அண்ணாச்சி சிரித்தார். வரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது அது. அதற்குள் நவம்பர் 1-ஆம் தேதி 128A என்ற புதுப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2017-18 முதல் 2019-20 வரையிலான இந்த வகை வழக்குகளில், வரியை முழுதாக 2025 மார்ச் 31-க்குள் கட்டிவிட்டால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. கருணை! ஆனால் அந்தக் கருணை வேண்டுமென்றால் உத்தரவை எதிர்த்து எந்த வழக்கும் இருக்கக்கூடாது, இனி மேல்முறையீடும் செய்யக்கூடாது.

வங்கியிலிருந்து பிடுங்கிய ₹40,000 எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது என்று முதலில் பார்த்தோம். வட்டிக் கணக்கில் போயிருந்தால் அது திரும்பாது. நல்லவேளை, வரிக் கணக்கில் இருந்தது. அந்தத் திரையும் தேதியோடு ஃபைலில் ஏறியது. மீதி ₹72,000-ஐ அண்ணாச்சி மார்ச்சில் கட்டினார். பிறகு SPL-02 படிவத்தில் விண்ணப்பம், அதற்கு ஒரு ஏஆர்என், பதிவேட்டில் ஒரு வரி. முடிவாக SPL-05 வரும்வரை அந்த வரியையும் மூடவில்லை. அதுவும் வந்தது, போர்ட்டலில்தான். நடவடிக்கை முடிக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது.

முடிந்ததன் கணக்கு இதுதான். அதே சரக்குக்கு, அதே பில்லுக்கு, நெடுமங்காட்டு வியாபாரி 2018-19-இல் கட்டிய ₹1,12,000 அரசிடம் இருக்கிறது. கல்லாறு அண்ணாச்சி கட்டிய ₹1,12,000-உம் அரசிடம் இருக்கிறது. இரண்டாவதைத் திருப்பிக் கேட்க வழி இல்லை, ஏனென்றால் அவர் சலுகை வாங்கிக்கொண்டவர்.